டயர் ரீட்ரெடிங் வழிகாட்டியைத் தமிழாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குப் பெருநிலத்தில், பட்டர்வொர்த், பிறை வட்டாரத்து லாரி டயர் பட்டறைகளுக்காக ரீட்ரெடிங் செயல்முறை வழிகாட்டி ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய நாள் முதல், அதே வேலையில் இறங்கும் மற்றவர்களும் பட்டறைக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்டு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை இரண்டு சொற்களைச் சுற்றியே வருகின்றன: பஃபிங், கியூரிங்.

"பட்டறையில எல்லாரும் மலாய் பேசுறாங்க. அப்புறம் எதுக்குத் தமிழ்ல ஒரு வழிகாட்டி?"

பேசுவதற்கு மலாய் போதும். இயந்திரத்தின் முன் நின்று ஒரு பக்கத்தைப் படித்து, அதில் உள்ள நிபந்தனையை மனத்தில் வாங்கிக்கொள்வது வேறு வேலை. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த மூத்த தொழிலாளர்களும், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களும் எங்கள் வட்டாரப் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஆங்கில வழிகாட்டியைத் திறப்பதே இல்லை. பக்கத்தில் நிற்பவர் செய்வதைப் பார்த்துச் செய்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் தவறாகச் செய்தால் அதுவும் பழக்கமாகிவிடுகிறது.

"ஐயா, நான் மொழிபெயர்ப்பு மட்டும்தான் செய்வேன், பட்டறையைப் பார்த்ததே இல்லை. ரீட்ரெடிங்னா மொத்தத்தில் என்ன நடக்குது?"

மேல் ரப்பர் தேய்ந்து போனாலும் உள் உடல் நன்றாக இருக்கும் டயரை எடுத்து, அதற்குப் புது மேல் ரப்பர் போடுவதுதான் இந்த வேலை. அந்த உள் உடலைப் பட்டறையில் கேசிங் என்பார்கள். நான் 'டயர் கூடு' என்று எழுதுகிறேன். முதலில் கூட்டை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, ஆணி துளைத்த இடம், கம்பி தெரியும் வெட்டு, உள்ளே பிரிந்துபோன அடுக்கு ஆகியவற்றைக் கண்டுபிடிப்பார்கள். தேறிய கூட்டை இயந்திரத்தில் சுழலவிட்டு, சுழலும் அரப்பற்களால் பழைய மேல் ரப்பரை எடுப்பார்கள், இதுவே பஃபிங். பிறகு காயம்பட்ட இடங்களைக் கையால் குடைந்து சீவி, இன்னும் வேகாத பச்சை ரப்பரால் நிரப்புவார்கள்.

அதன்மேல் ரப்பர்க் கரைசல் பூசி, இடைத்தகடு என்று நான் எழுதும் ஒரு மெல்லிய பச்சை ரப்பர்த் தகட்டைச் சுற்றி, அதற்கு மேல் பூ, அதாவது பள்ளக் கோலம், வெட்டிய புது மிதிப்பட்டையைப் பொருத்துவார்கள். கடைசியாக டயர் முழுவதற்கும் ஒரு ரப்பர் உறையை மாட்டி, காற்றை உறிஞ்சி எடுத்து, பெரிய இரும்புக் கலத்துக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைப்பார்கள், இது கியூரிங். வெளியே வந்த டயரை மறுபடியும் பரிசோதிப்பார்கள். இந்த வரிசையை ஒரு முழு நாள் நின்று பார்த்துவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்குங்கள். பார்க்காமல் தொடங்கினால் அகராதி கைகொடுக்காத இடங்கள் எவை என்பதே உங்களுக்குத் தெரியாது.

"நம்ம ஊர்ல 'செலுப் டயர்'னுதானே சொல்றோம், அதையே எழுதினா என்ன? 'வல்கனைசிங்' என்பதும் அதுதானே?"

பேச்சில் 'செலுப்' எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் மலாயில் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் முக்கியெடுத்தல். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அது ஒன்றையும் சொல்லாது. அதனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை 'செலுப் என்று இங்கே வழங்கும் ரீட்ரெடிங்' என்று எழுதிவிட்டு, பிறகு ரீட்ரெடிங் என்றே தொடர்கிறேன்.

வல்கனைசிங் வேறு. கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால், அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போட்டு, ஒட்டும் பிசினாக இருந்ததை மீள்தன்மையுள்ள உறுதியான பொருளாக மாற்றுகிறது. அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் இதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரோமானியரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது. அந்த வேதிமாற்றத்தின் பெயர் வல்கனைசேஷன். அதை நடத்தி முடிக்கும் பட்டறை வேலை கியூரிங். தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்றால் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டும் இடம் என்று பொருளாவதால், வழிகாட்டியில் அந்தச் சொல்லை வேதிமாற்றத்தை விளக்கும் பத்தியில் மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

"அகராதியில பஃபிங்னா மெருகேற்றுதல்னு இருக்கு. அதை ஏன் நீங்க போடலை?"

ஏனென்றால் இங்கே நடப்பது அதற்கு நேர் எதிரான வேலை. மெருகேற்றினால் பரப்பு வழவழப்பாகும். டயரில் பஃபிங் செய்வதன் நோக்கம் பழைய ரப்பரை எடுப்பதும், எஞ்சிய பரப்பைப் புது ரப்பர் பிடித்துக்கொள்ளும்படி சொரசொரப்பாக்குவதும்தான். 'மெருகேற்றவும்' என்று படித்த ஒருவர், மழுங்கிய அரப்பற்களை மாற்றாமல் மேலும் மேலும் ஓட்டி, பரப்பைப் பளபளவென்று ஆக்கிவிட்டு, நல்ல வேலை செய்ததாகவே நினைப்பார். அந்தப் பளபளப்பில் புது மிதிப்பட்டை சரியாக ஒட்டாது.

இதற்குத் தமிழில் பொருத்தமான வினை ஏற்கெனவே இருக்கிறது: அராவுதல். அரத்தை வைத்துத் தேய்ப்பதைக் கொல்லரும் தச்சரும் அப்படித்தான் சொல்வார்கள். பஃபிங் இயந்திரத்தின் தலையில் அடுக்கியிருப்பவையும் அரப்பற்களே. 'தேய்த்தல்' என்று எழுதலாமே என்று சிலர் கேட்டார்கள். ஆனால் வழிகாட்டியில் டயரின் தேய்மானம் என்பது சாலையில் ஓடித் தேய்வதைக் குறிக்கிறது, ஒரே வினை இரண்டுக்கும் வந்தால் குழப்பம். 'சீவுதல்' என்பதைக் காயத்தைக் கத்தியாலோ சிறு கருவியாலோ குடைந்தெடுக்கும் வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். இப்படி ஒரு வேலைக்கு ஒரு வினை என்று பிரித்த பிறகு 'அராவிய பரப்பு', 'அராவிய சுற்றளவு', 'அராவுத் தூள்' எல்லாம் தடையில்லாமல் வந்து சேர்ந்தன.

சொரசொரப்பு எவ்வளவு என்பதற்கும் அளவு உண்டு. அமெரிக்க ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் மாதிரித் தகடுகள் 1 முதல் 6 வரை எண்ணிட்டவை. மிதிப்பட்டை ஒட்டும் பரப்புக்குப் பொதுவாக 3 அல்லது 4 கேட்பார்கள். எண்ணை மட்டும் எழுதாமல், அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்து, அராவிய பரப்பும் அதே சொரசொரப்போடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். 3, 4 தகடுகளைத் தடவினால் பூனை நாக்கு பட்டது போல இருக்கும்; வழவழப்பாகவும் இருக்காது, ரப்பர் பிய்ந்து தொங்கவும் தொங்காது. தடவ வேண்டியது தகட்டைத்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன், அராவிய டயரின் மேல் வெறுங்கை படக் கூடாது. கையின் வியர்வையும் எண்ணெயும் ஒட்டுதலைக் கெடுக்கும். டயரை அந்தத் தகட்டின் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டாலே போதும்.

"'2 மில்லிமீட்டருக்கு பஃப் செய்' என்று இருக்கு. '2 மி.மீ. வரை அராவவும்' என்று எழுதிட்டேன். சரிதானே?"

சரியல்ல, இது மிகவும் கவனிக்க வேண்டிய இடம். தமிழில் '2 மி.மீ. வரை அராவவும்' என்றால் 2 மி.மீ. எடுக்க வேண்டும் என்றும் படிக்கலாம், 2 மி.மீ. மிஞ்சும் வரை எடுக்க வேண்டும் என்றும் படிக்கலாம். மூலத்தில் சொல்லியிருப்பது இரண்டாவது: உள்ளே உள்ள இரும்புக் கம்பிப் பட்டையின் மேல் 2 மி.மீ. ரப்பர் எஞ்சி நிற்க வேண்டும்.

ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். கம்பிப் பட்டைக்கு மேல் மொத்தம் 8 மி.மீ. ரப்பர் இருக்கிறது: தேயாமல் மிஞ்சிய பூ 3 மி.மீ., அதற்கு அடியில் உள்ள ரப்பர் 5 மி.மீ. எடுக்க வேண்டியது 6 மி.மீ. முதல் பொருளில் படித்தவர் 2 மி.மீ. மட்டும் எடுத்து, பூவின் பள்ளங்கள் முழுதும் அகலாமலே நிறுத்திவிடுவார். மிதிப்பட்டைக்கு அடியில் காற்று தங்கும், மேலே ரப்பர் தேவைக்கு அதிகத் தடிமனாகி ஓட்டத்தில் சூடேறும். வேறொரு டயரில் கம்பிக்கு மேல் மொத்தமே 3 மி.மீ. இருந்தால், அதே மனிதர் அதே 2 மி.மீ.யை எடுத்து, கம்பிக்கு மேல் 1 மி.மீ. மட்டும் விட்டுவிடுவார், சற்றுக் கை அழுந்தினால் கம்பி வெளியே தெரியும், ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். ஆகவே, 'கம்பிப் பட்டைக்கு மேல் 2 மி.மீ. ரப்பர் எஞ்சியிருக்கும்படி அராவவும்' என்று எழுதுங்கள். எஞ்சுவதைச் சொன்னால் குழப்பம் போய்விடும்.

"கியூரிங்குக்கு 'வேக்காடு'ன்னு போட்டிருக்கீங்க. அது சமையல் சொல் மாதிரி இருக்கே, 'பதப்படுத்துதல்'தானே மரியாதையா இருக்கும்?"

'பதப்படுத்துதல்' நல்ல சொல்தான். இங்கே அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: பாலை உறையவைத்து, ஷீட்டாக அழுத்தி, புகைவீட்டில் தொங்கவிட்டு உலர்த்துவது எல்லாமே ரப்பரைப் பதப்படுத்துவதுதான். அதில் கந்தகமும் இல்லை, வல்கனைசேஷனும் இல்லை. அந்தச் சொல்லைப் படித்ததும், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் 'உலர வைக்கணும்' என்றே புரிந்துகொண்டார். 'குணப்படுத்துதல்' என்பது ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டு வந்த பிழை; அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கலத்தின் பக்கத்தில் நின்று கேட்டபோது, தொழிலாளர்கள் தாமாகவே 'இது வெந்துருச்சு', 'இன்னும் வேகல' என்றுதான் சொன்னார்கள். மாவு வெந்தால் மறுபடி மாவாகாது. பச்சை ரப்பரும் வெந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாது. திரும்பாத மாற்றம் என்ற கருத்து அந்த ஒரு வினைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு நன்மையும் கிடைத்தது: வேக்காடு போதாத டயருக்கு 'அரைவேக்காடு' என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருந்தது. மிகுந்துபோனதற்கு 'மிகைவேக்காடு' என்று எழுதினேன். ஒரு சொல் சமையலறையிலிருந்து வந்தது என்பதற்காக அதன் துல்லியம் குறைவதில்லை. பட்டறைக்காரர் ஒருவர் முதலில் தயங்கினார். தம்முடைய ஆட்கள் பேசுவதைக் கேட்டபின் ஒப்புக்கொண்டார்.

"கியூரிங் டைம் 3 மணி நேரம்னு தெளிவா எழுதியிருக்கு. அதுல மொழிபெயர்க்க என்ன சிக்கல் இருக்கப் போகுது?"

எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் சிக்கல். நானே இதில் தவறினேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மூலத்தில் '100 பாகையில் 3 மணி நேரம்' என்று மட்டும் இருந்தது. நான் '100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 3 மணி நேரம் வேகவைக்கவும்' என்று சொல்லுக்குச் சொல் சரியாகவே எழுதினேன். அதைப் படித்த பட்டறையில், கலத்தின் கதவை மூடும்போது கடிகாரத்தைப் பார்த்து 3 மணி எண்ணத் தொடங்கினார்கள்.

சில நாள்களில் ஒரு புகார் வந்தது: காலையில் போடும் முதல் தொகுதி டயர்கள் மட்டும் சரியில்லை. மிதிப்பட்டையின் ஓரத்தில் மழுங்கிய ஊசியால் நெம்பினால் சற்று எழும்பியது. பிரித்துப் பார்த்த ஒரு டயரில், பட்டைக்கு அடியிலிருந்த இடைத்தகடு முழுக்க ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலச் சிறு துளைகள். விரல் நகத்தை அழுத்தினால் தடம் அப்படியே நின்றது. நன்கு வெந்த ரப்பரில் நகத்தை எடுத்ததும் தடம் மறைந்துவிடும்.

காரணத்தை நேரக் குறிப்பேடு காட்டியது. 9.00 மணிக்குக் கதவை மூடியிருக்கிறார்கள். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த கலம் 100 பாகையைத் தொட்டது 9.40-க்கு. 12.00 மணிக்குத் திறந்துவிட்டார்கள். ஆக, முழு வெப்பத்தில் டயர் இருந்தது 2 மணி 20 நிமிடம் மட்டுமே. மதியத் தொகுதிக்குக் கலம் முன்பே சூடாக இருந்ததால் 20 நிமிடத்தில் வெப்பம் ஏறிவிட்டது. அதுவும் குறைவுதான், ஆனால் வெளியே தெரியும் அளவுக்குக் குறைவில்லை. துளை விழுந்த டயர்களின் மிதிப்பட்டையை எடுத்துவிட்டு மறுபடி அராவ வேண்டியதாயிற்று.

ரப்பர்க் கலவை தந்தவர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் உறுதிசெய்தபின் அந்த வரியை இப்படி மாற்றினேன்: 'கலத்தின் வெப்பம் 100 பாகையையும், அழுத்தம் குறித்த அளவையும் தொட்ட நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் எண்ணவும். கதவை மூடிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது.' கூடவே, சூடேறும் நேரம், வேக்காட்டு நேரம், ஆறும் நேரம் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே சொல்லால் சுட்டும் பக்கங்கள் உண்டு. தமிழிலும் அப்படியே விட்டுவிட்டால் படிப்பவர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

"ஹாட் முறை, கோல்டு முறைன்னு ரெண்டு இருக்கே. 'சூட்டு முறை', 'குளிர் முறை' என்று போட்டா போதாதா?"

'குளிர் முறை' என்று எழுதாதீர்கள். அந்த முறையிலும் கலம் ஏறத்தாழ 100 பாகையில், அதாவது தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'குளிர்' என்று படித்துவிட்டுக் கையுறை இல்லாமல் உறையைத் தொட்டால் கை வெந்துபோகும். ஏறத்தாழ 150 பாகைக்குப் போகும் அச்சு முறையோடு ஒப்பிட்டுத்தான் ஆங்கிலத்தில் அதைக் குளிர் என்றார்கள்.

வேறுபாடு வெப்பத்தில் மட்டுமில்லை. அச்சு முறையில் மிதி ரப்பர் முழுவதும் பச்சையாகவே டயரில் ஏறி, அச்சுக்குள் வேகும்போதுதான் பூ விழுகிறது. மற்ற முறையில் மிதிப்பட்டை பூவோடு முன்பே வெந்து வருகிறது. கலத்துக்குள் வேக வேண்டியது இடைத்தகடும் நிரப்பிய காயங்களும் மட்டுமே. அதனால் குறைந்த வெப்பம் போதுகிறது. ஆகவே 'அச்சு முறை', 'முன்வெந்த பட்டை முறை' என்று எழுதுகிறேன். இந்தப் பெயர்களைப் படித்தாலே கலத்துக்குள் என்ன வேகிறது என்று தெரிந்துவிடும்.

"'கிரீன் ரப்பர்' கறுப்பா இருக்கு, 'கம்' பசையாவும் இல்லை. மூலத்திலேயே தப்பா?"

மூலம் சரி. இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது: நம் மொழியிலும் 'பச்சை' என்றால் நிறமும் உண்டு, வேகாதது என்ற பொருளும் உண்டு. பச்சைக் காய், பச்சை அரிசி, பச்சை மண் என்று சொல்வதைப் போலப் பச்சை ரப்பர். 'பச்சை நிற ரப்பர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் மட்டும் பிழையாகும்.

'குஷன் கம்' என்பது பசை அல்ல. கூட்டுக்கும் மிதிப்பட்டைக்கும் நடுவே வைக்கும் மெல்லிய பச்சை ரப்பர்த் தகடு. 'மெத்தைப் பசை' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். அதைப் படித்தவர் கரைசலையே இரண்டு தடவை பூசிவிட்டுத் தகட்டை மறந்துவிடக்கூடும். 'இடைத்தகடு' என்று எழுதி, முதல் முறை மட்டும் 'குஷன் கம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் இடைத்தகடு' என்று விளக்கினால் ஆள் சரியான பெட்டியை எடுப்பார்.

"ஸ்கார்ச் என்ற சொல் ரெண்டு அதிகாரத்தில் வருது. ரெண்டிலும் 'கருகல்'னு போட்டுட்டேன்."

ஒன்றில் சரி, ஒன்றில் தவறு. அராவும் அதிகாரத்தில் அது உண்மையிலேயே கருகல்தான்: அரப்பல் மழுங்கினாலோ, ஒரே மூச்சில் ஆழமாக எடுத்தாலோ, ரப்பர் சூடாகிப் புகையும், பரப்பு பிசுபிசுக்கும். அந்த இடத்தை மறுபடி மெல்ல அராவி எடுக்காவிட்டால் ஒட்டாது.

பொருள்களைச் சேமிக்கும் அதிகாரத்தில் அதே சொல், பச்சை ரப்பர் கலத்துக்குப் போகும் முன்பே வெப்பத்தில் வேகத் தொடங்கிவிடுவதைக் குறிக்கிறது. அங்கே எதுவும் கருகுவதில்லை, நிறமும் மாறுவதில்லை. தகரக் கூரையின் கீழ் வெயில் படும் இடத்தில் இடைத்தகட்டுச் சுருளை அடுக்கி வைத்தால் இது நடக்கும். நம் ஊர் வெக்கையில் அடிக்கடி காணும் குறை. தகட்டைத் தகட்டோடு அழுத்தினால் ஒட்டாது, இழுத்தால் பிசின்போல நீளாமல் மீளும். 'கருகல்' என்று எழுதினால் தொழிலாளி கருகிய நிறத்தைத் தேடுவார், காணாததால் நல்ல தகடு என்று எடுத்து ஒட்டுவார். 'முன்வேக்காடு' என்று எழுதுங்கள்.

"எண்களை அப்படியே போட்டா போதும்தானே? அதுல மொழி எங்கே வருது?"

எண்ணை எப்படி வாசிக்கிறார்கள் என்பதில் வருகிறது. '2.5 மணி நேரம்' என்று அச்சிட்டதை இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்றும், இரண்டு மணி ஐந்து நிமிடம் என்றும் வாசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிகார நேரத்தை 2.30 என்று புள்ளி வைத்து எழுதும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் அது இயல்பே. '2 மணி 30 நிமிடம்' என்று எழுதுங்கள். பழைய அமெரிக்க வழிகாட்டிகளில் வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கும். 212 என்று கண்டால் அது 100 செல்சியஸ், 300 என்று கண்டால் ஏறத்தாழ 149.

அழுத்தத்துக்கு, கலத்தின் முகப்பில் உள்ள மானியில் எந்த அலகு இருக்கிறதோ அதை முதலில் எழுதுவது நல்லது. 6 பார் என்பது 87 பிஎஸ்ஐ. உறைக்குள் ஓர் அழுத்தம், கலத்தில் ஓர் அழுத்தம், டயருக்குள் ஓர் அழுத்தம் என்று வெவ்வேறாக இருப்பதால், வெறுமனே 'அழுத்தம்' என்ற சொல் எங்குமே தனியாக வரக் கூடாது. எதன் அழுத்தம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், படிக்கச் சலிப்பாக இருந்தாலும்.

"மஸ்ட், ஷுட், மே மூணுக்கும் 'வேண்டும்'னு வருது. வேற வழி உண்டா?"

உண்டு. மீறக் கூடாததற்குக் 'கட்டாயம் ... வேண்டும்', பரிந்துரைக்கு '... நல்லது', அனுமதிக்கு '-லாம்' என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிட்டு, கடைசிப் பக்கம் வரை பிறழாமல் நிற்க வேண்டும். மலேசியாவில் ரீட்ரெட் டயர்களுக்கு எம்எஸ் 224 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அதைத் தழுவி எழுதிய வரிகளில் கட்டாயத்தைப் பரிந்துரையாகத் தளர்த்திவிடக் கூடாது. 'கட்டாயம் அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கலத்தின் கதவைத் திறக்க வேண்டும்' போன்ற வரியில் 'கட்டாயம்' என்பதைத் தடித்த எழுத்தில் இட்டேன்.

"நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சா பாதுகாப்புதானே? 'குறைந்தது 3 மணி நேரம்' என்று நானே சேர்த்துட்டா அரைவேக்காட்டுப் பயம் இல்லையே?"

சேர்க்காதீர்கள். 'குறைந்தது' என்ற சொல் மேல் எல்லையை அழித்துவிடுகிறது; மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் நிதானமாகத் திரும்பி வருவார். இயற்கை ரப்பர் மிகுதியாக உள்ள கலவை அளவு கடந்து வெந்தால், போட்ட கந்தகப் பாலங்களே அறுபடத் தொடங்கி வலு குறைகிறது. கூடு ஏற்கெனவே ஒரு முறை தொழிற்சாலையில் வெந்தது; ஒவ்வொரு ரீட்ரெடிங்கிலும் மறுபடி சூடு காண்கிறது.

வெப்பம் குறைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. 10 பாகை குறைந்தால் வேகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ரப்பர்த் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. மின்தடையால் கலம் 90 பாகையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால், அது 100 பாகையில் அரை மணி நேரத்துக்கு ஈடு. இந்தக் கணக்கை வைத்து மொழிபெயர்ப்பாளர் ஈடுநேரம் எழுதக் கூடாது. கலவைக்குக் கலவை மாறும். மூலம் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால், முன்பு எண்ணும் நேரம் பற்றி நான் செய்ததைப் போல, கலவை தந்தவரிடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை வழிகாட்டியில் சேருங்கள். ஆங்கில மூலத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

"எல்லாம் எழுதி முடிச்சாச்சு. சரியா இருக்கான்னு யாரிடம் காட்டுறது?"

ஆங்கிலம் தெரிந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் காட்டுவது எழுத்துப்பிழைக்கு உதவும். பொருள் சரியா என்று அறிய, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒரு தொழிலாளியிடம் தாளைக் கொடுத்து, படித்தபடி செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். 'புரிந்ததா அண்ணே?' என்று கேட்டால் 'புரிந்தது' என்றுதான் சொல்வார். 'எப்போது கதவைத் திறப்பீர்கள்?' என்று கேளுங்கள்.

திருத்திய பக்கத்தை நான் அப்படித்தான் சோதித்தேன். கலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒருவர், தாளைப் படித்துவிட்டு, கதவை மூடியதும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நின்றார். முள் 100-ஐத் தொட்டதும், கலத்தின் பக்கத்துப் பலகையில் சுண்ணக்கட்டியால் 9.38 என்று எழுதி, அதன் கீழ் 12.38 என்று எழுதினார்.